சரக்கு போய்ச் சேர்ந்தது, பணம் வரவில்லை: சீட்டுகளை வைத்து எழுதிய கடிதம்

நாலு தடவை தக்காளி அனுப்பி, பாதிக்கும் குறைவாகவே பணம் வந்திருந்தது. போன் செய்தால் "கணக்கு பார்த்துக்கிட்டிருக்கோம்" என்ற பதில்தான். அந்தப் பாக்கியைக் கேட்டு எழுதிய கடிதம் எப்படி அமைந்தது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

வாங்குபவரின் அலுவலகத்தில் கடிதத்தைப் படிப்பவர் பெரும்பாலும் கணக்கு பார்ப்பவர். நம் கஷ்டத்தை அவர் எந்தப் பதிவேட்டிலும் தேட முடியாது. சரக்கு இறக்கிய சீட்டின் எண்ணைத் தேட முடியும். ஆகவே கடிதத்துக்கு முன் சீட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் மொத்த எடை, பெட்டி எடை, நிகர எடை, கழிவு, அவர்கள் பக்கம் இறக்கிக்கொண்டவர் கையெழுத்து ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். பெட்டி எடையில்தான் அதிகம் இடறும். காலிப் பெட்டி 2 கிலோ என்று நாம் கழித்திருப்போம், அவர்கள் இரண்டரை கழித்திருப்பார்கள். 20 பெட்டிக்கு 10 கிலோ அங்கேயே போய்விடும்.

இந்தக் கணக்கில் நாலு சீட்டுகள். 112-ல் நிகர எடை 500 கிலோ, 118-ல் 600, 125-ல் 495, 131-ல் 550. இடையில் 1,000 கிலோவுக்கான தொகை மொத்தமாக வந்தது. அது எந்தச் சீட்டுக்கு என்று அவர்கள் சொல்லவில்லை. அதனால் பழைய சீட்டிலிருந்து வரிசையாக வரவு வைத்தேன். 112 முழுதும் தீர்ந்தது, 118-ல் 100 கிலோ நின்றது. இப்படி வரவு வைத்திருப்பதைக் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அவர்கள் வேறு மாதிரி வைத்துக்கொண்டு, இரண்டு கணக்கும் ஒருநாளும் ஒட்டாது.

சிக்கல் 125-ல். சீட்டில் கழிவு 35 கிலோ என்று இறக்கிக்கொண்டவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பிறகு போனில் 60 கிலோ கழிவு என்றார்கள். வித்தியாசம் 25 கிலோதான், ஆனால் அதைக் காட்டி மொத்தப் பாக்கியையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். எனவே 495-ல் அந்த 60 போக அவர்களே ஒப்புக்கொள்ளும் 435 கிலோவைப் பாக்கியில் சேர்த்து, மீதி 25-ஐத் தனி வரியாகப் பிரித்தேன். என்னைக் கேட்டால் கடிதத்தின் உயிரே இந்தப் பிரிப்புதான்.

131-ல் கையெழுத்தே இல்லை. இறக்கும்போது பொறுப்பாளர் இல்லை என்று டிரைவர் வெறும் சீட்டோடு திரும்பிவிட்டார். அதற்கு எடைமேடைச் சீட்டு கைகொடுத்தது, வண்டி எண்ணும் நேரமும் அதில் இருக்கும். அதைவிட வலுவானது, 22 காலிப் பெட்டிகளை அவர்கள் திருப்பி அனுப்பியபோது கொடுத்த சீட்டு. சரக்கு இறங்காமல் காலிப் பெட்டி எப்படித் திரும்பும்? (எடைமேடைச் சீட்டு வெப்ப அச்சாக இருந்தால் சில மாதங்களில் வெளுத்துவிடும். வந்த அன்றே போட்டோ எடுத்து வைப்பது நல்லது.)

கடிதத்தின் நடுப்பகுதி இது:

"ஐயா, கீழ்க்கண்ட சீட்டுகளின்படி தங்களிடம் இறக்கிய தக்காளிக்கு, பேசிய விலைப்படி 1,085 கிலோவுக்கான தொகை பாக்கி உள்ளது. சீட்டு 118: 100 கிலோ. சீட்டு 125: 435 கிலோ. சீட்டு 131: 550 கிலோ, இதற்கு எடைமேடைச் சீட்டும் காலிப் பெட்டிச் சீட்டும் இணைத்துள்ளேன். முன்பு தாங்கள் அனுப்பிய தொகையைச் சீட்டு 112-க்கு முழுமையாகவும் 118-ல் 500 கிலோவுக்கும் வரவு வைத்துள்ளேன். சீட்டு 125-ல் மேலும் 25 கிலோ கழிவு என்று தாங்கள் சொல்வதற்குத் தங்கள் பதிவின் நகலை அனுப்பவும். அதைத் தனியே பேசிக்கொள்ளலாம். அதற்காக மேற்கண்ட 1,085 கிலோவின் தொகையை நிறுத்த வேண்டாம். இந்தக் கடிதம் கிடைத்த ஏழு நாட்களுக்குள் பணம் அனுப்பவும், அல்லது எந்தச் சீட்டில் என்ன ஆட்சேபம் என்று எழுத்தில் தெரிவிக்கவும்."

விலையும் மொத்தத் தொகையும் இதற்குக் கீழே, பில் எண்ணோடு வரும். பில்லில் உள்ள எடையும் சீட்டில் உள்ள எடையும் ஒன்றாக இருக்கிறதா என்று அனுப்பும் முன் பார்த்துவிட வேண்டும். பில்லில் கழிவுக்கு முந்தைய எடையும் சீட்டில் பிந்தைய எடையும் இருந்தால், "பில் பொருந்தவில்லை" என்று ஓரமாக வைத்துவிடுவார்கள், நமக்குச் சொல்லவும் மாட்டார்கள்.

சீட்டுகளின் நகல்தான் போக வேண்டும், மூலம் நம்மிடமே இருக்கட்டும். சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் ஒன்று, அதே கடிதம் மின்னஞ்சலிலோ வாட்ஸாப்பிலோ இன்னொன்று. பதிலில் "இவ்வளவு தர வேண்டியிருக்கிறது, அடுத்த மாதம் தருகிறோம்" என்று எழுதினால் அதைப் பத்திரப்படுத்த வேண்டும். கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டதாக அது நிற்கும்.

பாதித் தொகையை நீட்டி, "கணக்கு முடிந்தது" என்ற தாளில் கையெழுத்துக் கேட்டால், பணத்தை வாங்கிக்கொண்டு "சீட்டு 125, 131 பாக்கி நீங்கலாக" என்று நம் கையால் எழுதிவிட்டுத்தான் அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அப்படி எழுத அவர்கள் விடவில்லை என்றால் அந்தத் தாளில் கையெழுத்தே வேண்டாம். பெற்ற தொகைக்கு மட்டும் தனி ரசீது கொடுத்தால் போதும்.