பாஸ்புக்கில் காசு இருந்தும்

"காசு இருந்திச்சே அண்ணே!" ஹற்றனில் வங்கி வாசலில் ஓட்டோக்காரத் தம்பி பாஸ்புக்கை நீட்டினார்.

லீசிங் தவணை 18,500. கணக்கில் 18,700.

ஆனால் அதில் 500 குறைந்தபட்ச மீதி, அதைத் தொட விடாது. மாதாமாதம் வங்கியே தவணையைக் கட்டும் ஸ்டாண்டிங் ஓர்டர் திரும்பிவிட்டது. அதற்கு வங்கிக் கட்டணம் வேறு.

இனி 18,500 மட்டும் கட்டினால் போதாது. பல கம்பனிகள் தாமத வட்டியை முதலில் கழித்துக்கொள்ளும். தவணையில் சின்னத் துண்டு நிலுவையாக நிற்கும். கவனிக்காவிட்டால் அந்தத் துண்டுதான் நம் கடன் வரலாற்றைக் காட்டும் கிரிப் அறிக்கையில் பிந்திய நாட்களாக ஏறும். மனசு பொறுக்கவில்லை.

வட்டியோடு மொத்தம் எவ்வளவென்று கேட்டு இன்றே கட்டச் சொன்னேன்.

தோட்டத்துச் சம்பளம் பத்தாம் திகதி. சவாரிக் காசும் அதற்குப் பிறகுதான் சேரும். தவணைத் திகதியை 15க்கு மாற்றித் தரும்படி கடிதமும் எழுதிக் கொடுத்தோம்.