நகைக்கடை அண்ணாச்சிக்கு எழுதிய ஸ்பான்சர் கடிதம்

நாகர்கோவிலில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். ஆடியில் முகூர்த்தம் இல்லாததால், மணப்பெண் அலங்காரக் காட்சி ஒன்றை அந்த மாதத்தில் நடத்தத் திட்டமிட்டேன். மேடையேறும் ஆறு பெண்களுக்கும் நகை தேவைப்பட்டது. அதற்காகத்தான் பக்கத்துத் தெரு நகைக்கடை அண்ணாச்சிக்குக் கடிதம் எழுதினேன்.

பணம் கேட்கவில்லை. ஒரு நாள் இரவலாக நகைதான் கேட்டேன். நகைக்கடைக்காரர் பணம் கொடுக்கக்கூட யோசிக்கமாட்டார், சரக்கு கடையை விட்டு வெளியே போவதற்குத்தான் யோசிப்பார். அதனால் கடிதத்தில் பாதிக்கு மேல் பாதுகாப்பைப் பற்றியே எழுதினேன். எல்லாம் தங்கமாக வேண்டாம், ஐந்து பேருக்கு வடசேரி கோவில் நகை போதும் என்றேன். வெள்ளியில் செய்து, தங்க ரேக்கு ஒட்டி, சிவப்புக் கல் பதிக்கும் அந்த வேலைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. நெற்றிச்சுட்டி, ராக்கொடி, ஜடைநாகம், ஒட்டியாணம் எல்லாம் மேடை விளக்கில் எடுப்பாகத் தெரியும். கடைசி மணப்பெண்ணுக்கு மட்டும் தங்கத்தில் காசுமாலையும் அட்டிகையும் கேட்டேன்.

ஒவ்வொரு நகையையும் எடை போட்டு, படம் எடுத்து, டெலிவரி சலானில் குறித்துத் தரட்டும், திரும்பும்போது அதே தராசில் நிறுத்து வாங்கிக்கொள்ளட்டும் என்று எழுதினேன். ஹேர் ஸ்பிரேயும் செட்டிங் ஸ்பிரேயும் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் நகை போடுவோம் என்பதையும் சேர்த்தேன். ஸ்பிரே பட்டால் முத்தும் கல்லும் மங்கிப்போகும். ஒருமுறை மங்கிய நகையை அவர் புதுச் சரக்காக விற்க முடியாது.

கடிதத்தைப் படித்துவிட்டு அண்ணாச்சி போனில் கேட்டார்: "நகை எடுத்து முடிச்ச பிறகுதானம்மா உங்கிட்ட மேக்கப்புக்கு வாறாங்க? அப்புறம் எனக்கு என்ன லாபம்?"

ரொம்ப நியாயமான கேள்வி. ஆவணியில் கல்யாணம் என்றால் ஆடிக்குள் நகை எடுத்து முடித்திருப்பார்கள். ஆனால் நிச்சயதார்த்த மேக்கப்புக்கு வரும் பெண்கள் அப்படியில்லை. பல வீடுகளில் நிச்சயம் முடிந்த பிறகுதான் பெரிய நகைகளைப் பார்க்கவே ஆரம்பிப்பார்கள். என் அப்பாயின்ட்மென்ட் நோட்டில் அவர்கள் பெயரெல்லாம் இருக்கிறது. அவர்களில் தை மாதத்தில் கல்யாணம் வைத்திருப்பவர்களைக் குடும்பத்தோடு அழைத்து முன்வரிசையில் உட்காரவைப்பதாக அண்ணாச்சியிடம் சொன்னேன். விருப்பப்படுகிறவர்களின் போன் நம்பரை மட்டும், அவர்களைக் கேட்டுவிட்டுத் தருவேன் என்றும் சொன்னேன். கேட்காமல் நம்பர் கொடுத்தால் அந்த வீட்டார் என்னை நம்பி மறுபடி வரமாட்டார்கள்.

இதையெல்லாம் சேர்த்துக் கடிதத்தைத் திருத்தி அனுப்பினேன். வேறு நகைக்கடை எதையும் சேர்ப்பதில்லை என்று ஒரு வரியும் போட்டேன். அண்ணாச்சி சம்மதித்தார், இரண்டு நிபந்தனைகளோடு. நகைத் தட்டு அவர் கடை ஊழியர் கையில்தான் இருக்க வேண்டும். மேடையிலிருந்து இறங்கியதும், படம் எடுப்பதற்கு முன்னால், தங்கத்தைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். இரண்டாவதற்கு மட்டும் மாற்று யோசனை சொன்னேன். மேடையேறும் முன்பே, ஊழியர் பக்கத்தில் நிற்க, படம் எடுத்து முடித்துவிடுகிறோம் என்றேன். அதற்கும் சரி என்றார்.