பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய் எங்கே போனது?

நான் கணக்குப் பார்க்கும் பேக்கரிக்கு ஊருக்குள் இரண்டு கடைகள். விற்பனை விவரத்தை இரண்டு இடங்களில் பார்ப்போம். ஒன்று, நான் கூகுள் ஷீட்ஸில் போட்டிருக்கும் பழைய வாரக் கணக்கு. இன்னொன்று, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸிலிருந்து நேரடியாகச் சார்ட் வரைந்து காட்டும் டாஷ்போர்டு. இரண்டாவதை முதலாளி ஆசைப்பட்டுப் போடச் சொன்னார். போட்ட மறுவாரமே கூப்பிட்டார். "தம்பி, பத்தொன்பதாவது வாரம் உன் ஷீட்ல 1,26,000. இந்தப் படத்துல 1,37,500. எது நிஜம்?"

இது 2024 மே மாதம். முதலில் எனக்கு வந்த சந்தேகம், பில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்பதுதான். இரண்டு ராத்திரி உட்கார்ந்து பில் எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஒன்றும் விடுபடவில்லை. மாத மொத்தம் இரண்டிலும் ஒன்றேதான். நாள்வாரியாகப் போட்டுப் பார்த்தாலும் ஒரு ரூபாய் வித்தியாசம் இல்லை. வாரமாகக் கூட்டும்போது மட்டும் ஒவ்வொரு வாரமும் இடித்தது, ஒரு வாரம் கூட, ஒரு வாரம் குறைய. நாளும் மாதமும் ஒத்துப்போய் வாரம் மட்டும் முரண்டு பிடித்தால் பில்லைத் தேடுவதில் பயனில்லை என்று அந்த இரண்டு ராத்திரிக்கு முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

விடை கிடைத்தது நாள் கணக்கை ஒரு தாளில் எழுதியபோது. மே 5 ஞாயிறு, விற்பனை 31,000. திங்கள் 6 முதல் சனி 11 வரை ஆறு நாளும் சேர்த்து 95,000. மே 12 ஞாயிறு 42,500. அன்று அன்னையர் தினம், கேக் ஆர்டர் குவிந்துவிட்டது. 31,000-உம் 95,000-உம் சேர்ந்தால் 1,26,000. 95,000-உம் 42,500-உம் சேர்ந்தால் 1,37,500. இடித்த 11,500 ரூபாய் என்பது இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு இடையிலான வித்தியாசம், அவ்வளவுதான். நடுவிலுள்ள ஆறு நாளும் இரண்டு கணக்கிலும் பொதுவாக இருந்தன.

ஷீட்ஸில் நான் எழுதியிருந்தது `WEEKNUM(A2)`. கூடுதலாக எதுவும் சொல்லாவிட்டால் அது ஞாயிறில் வாரத்தைத் தொடங்கும். போஸ்ட்கிரெஸின் `date_trunc('week', ...)` எப்போதும் திங்களில் தொடங்கும். இரண்டுமே அததன் கணக்கில் சரி. என்னை ஏமாற்றியது வேறொன்று: டாஷ்போர்டில் நான் தலைப்புக்கு ஐஎஸ்ஓ வார எண்ணை, அதாவது திங்களில் வாரத்தைத் தொடங்கும் சர்வதேச முறையின் எண்ணைப் போட்டிருந்தேன். 2024 ஜனவரி 1 திங்களில் பிறந்ததால், மே 5 முதல் 11 வரை ஷீட்ஸுக்கு 19-ஆம் வாரம். மே 6 முதல் 12 வரை ஐஎஸ்ஓ கணக்கிலும் 19-ஆம் வாரம். ஒரே எண் இருக்கும்போது உள்ளே வேறு நாட்கள் இருக்கும் என்று எவன் நினைப்பான்?

சரி, எந்தக் கிழமையை வைப்பது? முதலாளியிடமே கேட்டேன். சனி, ஞாயிறு விற்பனை ஒன்றாகத் தெரிய வேண்டும், திங்கட்கிழமை மைதா ஆர்டர் போடும்போது முழு வாரமும் கையில் இருக்க வேண்டும் என்றார். ஆகவே திங்கள். வார எண்ணையே தூக்கிவிட்டு, ஒவ்வொரு தேதிக்கும் அந்த வாரத்தின் திங்கட்கிழமைத் தேதியை எழுதினேன்:

```
=A2-WEEKDAY(A2,2)+1
```

இதில் 2 என்பதுதான் உயிர். அதைப் போட்டால் திங்கள் 1, ஞாயிறு 7 என்று எண்ணும். போடாவிட்டால் ஞாயிறு 1 ஆகிவிடும். எண்ணுக்குப் பதில் தேதியை வைப்பதில் இன்னொரு லாபம் உண்டு, அதை டிசம்பரில்தான் உணர்ந்தேன். பழைய முறையில் 2024 டிசம்பர் 29, 30, 31 மூன்று நாளும் 53-ஆம் வாரம். ஜனவரி 1 முதல் 4 வரை புது வருடத்தின் முதல் வாரம். ஒரே வாரம் சார்ட்டில் இரண்டு குட்டைக் கம்பிகளாக உடைந்து, கேக் சீசன் உச்சத்தில் விற்பனை படுத்துவிட்டதுபோலக் காட்டியிருக்கும்.

டாஷ்போர்டை மெட்டாபேஸ் என்ற மென்பொருளில் போட்டிருந்ததால் அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டியிருந்தது. வாரத்தின் முதல் நாள் எது என்று அதில் ஒரு அமைப்பு உண்டு, மாற்றாவிட்டால் ஞாயிறு. மவுஸில் தேர்ந்தெடுத்துச் செய்யும் சார்ட்டுகளுக்கு அது பொருந்தும். கையால் எழுதிய எஸ்கியூஎல்லுக்குப் பொருந்தாது. அதாவது ஒரே டாஷ்போர்டுக்குள்ளேயே அருகருகே இரண்டு சார்ட் சண்டை போடலாம். அந்த அமைப்பையும் திங்களாக்கினேன்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஜூன் முதல் வாரம் இரண்டாவது கடையின் மே மாதக் கணக்கைச் சேர்த்தேன். முதல் கடைக்கு டேட்டாபேஸிலிருந்து `2024-05-06` என்ற வடிவில் தேதி வரும். இரண்டாவது கடையின் பில் மெஷினோ `06/05/2024` என்று சிஎஸ்வி கொடுக்கும். சேர்த்ததும் சார்ட்டில் டிசம்பர் வாரத்தில் ஒரு கம்பி எழுந்து நின்றது. ஜூன் மாதத்தில் உட்கார்ந்துகொண்டு டிசம்பர் விற்பனை!

ஷீட்டின் லொகேல் அமெரிக்காவாக இருந்தது. அது மாதத்தை முதலில் வாசிக்கும். மே 6 ஜூன் 5 ஆனது, மே 12 டிசம்பர் 5 ஆனது. மே 5 மட்டும் எப்படிப் படித்தாலும் மே 5. தேதி நெடுவரிசையை வரிசைப்படுத்திப் பார்த்தால் பன்னிரண்டு மாதத்திலும் 5-ஆம் தேதி மட்டும் இருக்கிறது. இந்தக் கோளாறின் கைரேகை அது. மே 13-இலிருந்து பதின்மூன்றாவது மாதம் இல்லாததால், அந்தப் பத்தொன்பது நாளும் தேதியாக மாறாமல் வெறும் எழுத்தாகவே கிடந்தன. வாரச் சூத்திரம் அவற்றில் `#VALUE!` என்று கத்தியிருக்கும். நான்தான் பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று `IFERROR` போட்டு வாயை அடைத்திருந்தேன். அந்த `IFERROR`-ஐ அன்றே அழித்தேன். உண்மையில் கத்துகிற பத்தொன்பது நாளைவிட, சத்தம் போடாமல் வேறு மாதத்துக்குக் குடிபோன பதினொரு நாள்தான் ஆபத்து.

File → Settings → Locale-இல் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தேன். கம்பி நகரவில்லை. ஏற்கெனவே டிசம்பர் 5 ஆகிவிட்ட செல் டிசம்பர் 5-ஆகவே இருக்கும். நாள்/மாத வடிவில் காட்டும்போது `05/12/2024` என்று தெரிந்து இன்னும் குழப்பும். அந்த வரிசைகளை முழுக்க அழித்துவிட்டு, லொகேலை மாற்றிய பிறகு சிஎஸ்வியைத் திரும்ப ஏற்றினால்தான் சரியாகிறது.

இப்போது ஒவ்வொரு மாதமும் ஏற்றியவுடன் மூலையில் மூன்று செல் பார்க்கிறேன்:

```
=MIN(A2:A)
=MAX(A2:A)
=COUNTA(A2:A)-COUNT(A2:A)
```

புதிதாக ஏற்றிய தாளில் முதல் இரண்டும் அந்த மாதத்துக்குள் இருக்க வேண்டும். மூன்றாவது பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அத்தனை செல் தேதியாகாமல் எழுத்தாக நிற்கின்றன. சார்ட்டின் அடியில் 19 என்று போடுவதை நிறுத்திவிட்டு, "மே 6 முதல் மே 12 வரை" என்று எழுதுகிறேன். இடம் அதிகம் பிடிக்கிறது என்று முதலாளி முணுமுணுத்தார். போன வருட ரிப்போர்ட்டுகள் எல்லாம் இன்னும் ஞாயிறு கணக்கிலேயே இருக்கின்றன. அவற்றை மாற்றாமல் இரண்டு வருடத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாதென்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். மாற்ற வேண்டியது நான்தான்.