மழையில் நின்ற தறியும் நான் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும்

காஞ்சிபுரத்தில் நெசவாளர்களிடம் சொல்லி, கேட்ட நிறத்தில் பட்டுப்புடவை நெய்து வாங்கிக் கொடுப்பது என் தொழில். கார்த்திகைக் கல்யாண ஆர்டர்களில் எப்போதும் ஒரு கண்டம் உண்டு: அவை தறியில் இருக்கும்போதுதான் வடகிழக்குப் பருவமழை வரும். அப்படி ஒரு ஆர்டர் இது. மாம்பழ மஞ்சள் உடல், அரக்கு கரை; உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து கோக்கும் கோர்வை. விலை 24,000, முன்பணம் 10,000. நவம்பர் 20 கையில் தருவதாகப் பேச்சு. டிசம்பர் 11 கல்யாணம்.

நவம்பர் இரண்டாம் வாரம் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் தறி குழித்தறி. நெசவாளர் கால் வைத்து மிதிக்கும் குழிக்குள் தண்ணீர் ஊறிவிட்டால் உட்காரவே முடியாது. குழி காய்ந்தாலும் காற்றில் ஈரம் இருந்தால் பாவு இழைகள் ஒன்றோடொன்று ஒட்டும், ஜக்கார்டு அட்டை உப்பிப் பூவேலை பிசகும். பிடிவாதமாக நெய்தால் நெருக்கம் மாறி, புடவையின் குறுக்கே கோடு விழும். அந்தக் கோட்டை அயர்ன் எடுக்காது. அதனால் நிறுத்தியது சரிதான்.

வாங்குபவருக்கு எழுதும் முன் நெசவாளரைக் கூப்பிட்டேன். "எப்ப முடியும்ணே?" என்று கேட்டால் "முடிச்சிடலாம்" என்றுதான் பதில் வரும். "எவ்வளவு நெய்தாச்சு?" என்று கேட்கணும். ரவிக்கைத் துண்டோடு ஆறேகால் மீட்டரில் இரண்டே முக்கால் முடிந்திருந்தது. பாக்கி மூன்றரை. கோர்வைக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து நாடா கொடுக்கணும், அதனால் ஒரு நாளைக்கு 35 சென்டிமீட்டர்தான் அவர் கணக்கு. அப்படியென்றால் பத்து நாள் வேலை. குழி காய மூன்று நாள், மறுபடி மழை வந்தால் என்று இன்னும் மூன்று நாள், கூரியருக்கு இரண்டு. டிசம்பர் 2.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முன்னால் புடவை வந்துவிடும்தான். ஆனால் அந்த அம்மா ரவிக்கைக்கு ஆரி வேலை சொல்லியிருந்தார்; ஆரிக்காரர் கேட்டது பதினைந்து நாள். ரவிக்கைத் துண்டு புடவையின் கடைசியில் நெய்வது, முன்னாடியே வெட்டித் தர முடியாது. பிரச்சினை புடவையில் இல்லை, ரவிக்கையில்தான் என்று இங்கேதான் பிடிபட்டது. தேதியை மட்டும் தள்ளிச் சொல்லியிருந்தால் இது அவர் தலையில் விடிந்திருக்கும்.

நவம்பர் 14 காலையில் அனுப்பியது:

"வணக்கம்மா. உங்க புடவை 20ஆம் தேதி வராதுங்க. மழைத் தண்ணி தறிக்குழியில ஊறி நெசவு நின்னிருக்கு. இதுவரை இரண்டே முக்கால் மீட்டர் ஆகியிருக்கு, போட்டோ கீழே. டிசம்பர் 2 உங்க கைக்கு வரும். அதுல மூணு நாள் மழைக்குன்னு சேர்த்தே சொல்றேன். அப்ப வந்தா ஆரி வேலைக்கு நேரம் பத்தாது. அதனால,

1. புடவைக்குக் காத்திருக்கலாம். அதோட வர்ற துண்டுலயே ஆரி இல்லாம சாதாரண ரவிக்கை தைச்சுக்கலாம்.

2. புடவைக்குக் காத்திருக்கலாம். ரவிக்கைக்கு மட்டும் அரக்கு கலர்ல தனிப் பட்டுத் துணி நாளைக்கே அனுப்பறேன், காசு வேண்டாம். ஆரி வேலையை இப்பவே ஆரம்பிக்கலாம். நிறம் ஒரு துளி வித்தியாசம் இருக்கும்.

3. இதே நிறத்துல ரெடியா ஒரு கோர்வைப் புடவை இருக்கு, 21,000. கரைப் பூ வேற. நீங்க தரவேண்டிய மீதி 11,000. நாளைக்கே அனுப்பறேன்.

எதுவும் வேண்டாம்னா முன்பணம் 10,000 முழுசா ரெண்டு நாள்ல திருப்பி அனுப்பிடறேன். 16ஆம் தேதி ராத்திரிக்குள்ள நம்பர் மட்டும் சொன்னா போதும். அதுவரை ரெடி புடவையை வேற யாருக்கும் தரமாட்டேன். பதில் வரலைன்னா 17ஆம் தேதி நானே போன் பண்றேன்."

மழையைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் எழுதவில்லை. ஜக்கார்டு அட்டை கதையெல்லாம் கல்யாண வீட்டுக்கு எதற்கு? முன்பணம் திரும்பும் என்பதை அவர் கேட்கும் முன் நானே எழுதியதில் என் வீட்டிலேயே எதிர்ப்பு. "கேட்டா கொடுக்கலாம்ல?" என்றார்கள். பணம் மாட்டிக்கொண்டதோ என்ற பயத்தில் இருப்பவர் மற்ற மூன்றையும் நிதானமாகப் படிக்கமாட்டார் என்பது என் கட்சி.

அன்று மதியமே போன் வந்தது. முதல் கேள்வி, "ரெண்டாவதுல நிறம் எவ்வளவு மாறும்?" தறியில் இருக்கும் கரையின் மேலேயே ரவிக்கைத் துணியை வைத்து, வாசலில் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் அனுப்பினேன். டியூப்லைட்டில் அரக்கு கறுத்துத் தெரியும், நம்ப முடியாது. முதல் துணி கொஞ்சம் சிவப்பு தூக்கல் என்றார், அடுத்ததைச் சரி என்றார். "துணி உடனே வரட்டும்பா, புடவை மெதுவா வரட்டும்" என்று 2ஐ உறுதி செய்தார்.

புடவை டிசம்பர் 1 போய்ச் சேர்ந்தது. ஃபால்ஸ் தைப்பது மட்டும் பாக்கி. புடவையோடு போன ரவிக்கைத் துண்டை மகளின் வளைகாப்புக்கு வைத்திருக்கிறாராம்.