600 மி.மீ., பராஜ் காற்று: பால் ஹெட்டைக் கழற்றியாச்சு

சிங்கப்பூர் தேசிய தின ஒத்திகைகளில் கொடியைத் தொங்கவிட்டபடி வரும் சினூக் ஹெலிகாப்டரை, மரீனா பராஜ் பக்கமிருந்து 600 மி.மீ.-இல் விடாமல் தொடரும் ஏற்பாடு ஒருவழியாகத் தேறிவிட்டது. ட்ரைபாடில், உருண்டை மேல் எல்லாப் பக்கமும் திரும்பும் பால் ஹெட் இருந்த இடத்தில் இப்போது இரண்டு அச்சு ஃப்ளூயிட் ஹெட். மோனோபாடில் டில்ட் ஹெட் மட்டும். பால் ஹெட் தரமானதுதான், அது தாங்கும் எடையிலும் குறையில்லை. ஆனாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்றில் அது இந்த வேலைக்கு ஒத்துவராது. ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்.

லென்ஸ் சிக்மா 150-600 கன்டெம்பரரி. பாடியும் சேர்த்து ஏறக்குறைய 2.7 கிலோ. லென்ஸ் ஃபுட், பிளேட், கிளாம்ப் எல்லாம் சேர்ந்து லென்ஸின் நடுக்கோட்டை உருண்டையின் மையத்திலிருந்து 12 செ.மீ. உயரத்தில் நிறுத்துகின்றன. ஹெலிகாப்டரைப் பார்க்க 20 டிகிரி தூக்கினால், 2.7 × 12 × 0.34, அதாவது 11 கிலோ-செ.மீ. திருப்புவிசை லென்ஸைப் பின்பக்கம் சாய்க்கப் பார்க்கும். இப்போது காற்று. நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் வீசும் காற்று, 12 செ.மீ. அகலமும் 10 செ.மீ. நீளமும் உள்ள ஹூட்டை ஏறக்குறைய 46 கிராம் அளவுக்குத் தள்ளும். ஹூட் ஃபுட்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருப்பதால் அது 1.4 கிலோ-செ.மீ. வேகம் 12 மீட்டராக ஏறினால் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் 3 கிலோ-செ.மீ.-ஐத் தாண்டும்.

பால் ஹெட்டின் சிக்கல் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிறது. அதில் உருண்டையைப் பிடிக்கும் உராய்வு ஒன்றே ஒன்று. லென்ஸ் சாயாமலிருக்க 11-க்கு இறுக்கினால், பக்கவாட்டில் திருப்பவும் அதே 11 தேவைப்படும். திருப்பும்போது ஒட்டி நின்று, பிறகு சட்டென்று குதிக்கும். குதிக்காத அளவுக்குத் தளர்த்தினால் லென்ஸ் சரிந்துவிடும். கீழே இருக்கும் பேனிங் அடித்தளத்தைத் தனியாகத் தளர்த்திப் பார்க்கலாம், ஆனால் ட்ரைபாட் மட்டமாக இல்லாவிட்டால் அடிவானம் சாய்ந்துகொண்டே போகும், ஏற்ற இறக்கத்துக்கும் அது உதவாது. ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: நிலா, நங்கூரமிட்ட கப்பல் மாதிரி அசையாததற்கு முழுக்க இறுக்கிய பெரிய பால் ஹெட், கைப்பிடிகள் நீட்டிய மூன்று அச்சு பேன்-டில்ட்டைவிட உறுதியானது. மூட்டுகள் குறைவு, நெளிவும் குறைவு. தொடர்ந்து திருப்ப வேண்டும் என்றால்தான் அதன் கை ஓய்ந்துபோகிறது.

சாதாரண பேன்-டில்ட்டில் அச்சுகள் தனித்தனி, அது பாதித் தீர்வு. உலர் உராய்வு என்பதால் ஒட்டிக் குதிக்கும் பழக்கம் அதற்கும் உண்டு. ஃப்ளூயிட் ஹெட்டில் ஒரு ஸ்பிரிங் அந்த 11-ஐ எதிர்த்துத் தாங்குகிறது. மிச்சமிருப்பது காற்றின் 1.4 முதல் 3 வரை மட்டும். பேன் இழுவையைக் காற்று லென்ஸைத் தானாகத் திருப்பாத அளவுக்கு வைத்துக்கொண்டால், கைக்கு எண்ணெயில் நகர்வது போன்ற சீரான எதிர்ப்பு கிடைக்கிறது.

ஆனால் ஸ்பிரிங் வேலை செய்ய வேண்டுமானால் பேலன்ஸ் சரியாக இருக்க வேண்டும். நேரம் முழுவதையும் தின்றது இந்தப் படிதான். முதலில் லென்ஸை 600-க்கு நீட்டி, ஹூட், பேட்டரி, கார்டு எல்லாம் போட்டு, எடுக்கப்போகும் நிலையிலேயே ஏற்ற வேண்டும். இந்த லென்ஸ் ஜூம் செய்யும்போது வெளியே நீளும், எடை மையம் முன்னால் போகும். ஆகவே மொத்தத்தையும் பின்னால் தள்ளி, பிளேட்டின் முன்பகுதியைக் கிளாம்பில் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஹெட்டோடு வரும் குட்டி பிளேட்டில் அதற்கு இடமில்லை, 15 செ.மீ. ஆர்கா பிளேட் தேவை. சோனி 200-600 போல உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆகும் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி கிட்டத்தட்ட இல்லை.

டில்ட் இழுவையைப் பூஜ்யமாக்கி, மட்டமாக வைத்துக் கையை எடுங்கள். முன்னால் குனிந்தால் இன்னும் பின்னுக்குத் தள்ளுங்கள், பின்னால் சாய்ந்தால் முன்னுக்கு. மட்டத்தில் நின்றதும் 20 டிகிரி தூக்கி விடுங்கள், பிறகு அதே அளவு இறக்கி விடுங்கள். இரு பக்கமும் மேலும் சரிந்தால் ஸ்பிரிங் பலம் போதவில்லை. இரு பக்கமும் மட்டத்துக்கே திரும்பி வந்தால் ஸ்பிரிங் அதிகம். ஒரு பக்கம் மட்டும் நகர்ந்தால் பிளேட் இன்னும் சரியான இடத்தில் இல்லை. ஸ்பிரிங் அதிகமாக இருந்து மாற்றவும் முடியாத ஹெட் என்றால், கிளாம்புக்கு அடியில் ஒரு உயரக்கட்டை போட்டுப் பாருங்கள். ஸ்பிரிங் தாங்குவது எடையையும் உயரத்தையும் பெருக்கி வருவதை என்பதால், உயரத்தைக் கூட்டுவதும் எடையைக் கூட்டுவதும் ஒன்றே.

இன்னொரு இடம்: ஹெட் ட்ரைபாடில் ஏறும் 3/8 அங்குலத் திருகு. இடப்பக்கம் திருப்பித் திருப்பி அது மெல்லக் கழன்றுவரும். கீழ்த்தட்டில் சிறு பூட்டுத் திருகுகள் இருந்தால் அலன் சாவியால் இறுக்கிவிடுங்கள். நடுத்தண்டை உயர்த்தவே கூடாது.

தேறியதா என்று பார்க்க, லைவ் வியூவை 10 மடங்கு பெரிதாக்கி, கார்டன்ஸ் பை த பே கண்ணாடிக் குமிழின் இரும்பு விலாவைப் பார்த்தபடி லென்ஸைத் தட்டுங்கள். எவ்வளவு சீக்கிரம் அசைவு அடங்குகிறது என்பதே மதிப்பெண். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் லென்ஸின் முனை ஃபுட்டைச் சுற்றி 3 மைக்ரான் திரும்பினாலே படம் ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். இங்கே ஒரு எச்சரிக்கை. நம் ஊர் மதிய வெயிலில் தரை அனலும் படத்தைக் கெடுக்கும். அனலென்றால் விலாவின் ஒவ்வொரு துண்டும் தனித்தனியே நெளியும். ஹெட் ஆடினால் படம் முழுக்க ஒரே திசையில் ஒன்றாக நகரும். அனலுக்கு எந்த ஹெட்டாலும் மருந்தில்லை, மாலை வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

கூட்ட நாள்களில் ட்ரைபாடை விரிக்க இடம் இருக்காது. மோனோபாட்தான். அதில் பால் ஹெட் போடுவது முழு வீண், ஏனென்றால் தண்டே எல்லாப் பக்கமும் சாயும். பக்கவாட்டுத் திருப்பத்தைத் தண்டும், செங்குத்து-கிடைமட்ட மாற்றத்தை லென்ஸ் காலரும் பார்த்துக்கொள்ளும். ஹெட்டிடம் கேட்க வேண்டியது மேல்-கீழ் ஒன்றுதான். சிருயி எல்-10, மேன்ஃப்ரோட்டோ 234 போன்றவை அதை மட்டும் செய்கின்றன. பல டில்ட் ஹெட்களில் கிளாம்ப் பாடிக்கு ஏற்ற திசையில் வரும். லென்ஸ் ஃபுட்டுக்கு அதை 90 டிகிரி திருப்பி இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் லென்ஸ் மேல்-கீழ் போகாமல் பக்கவாட்டில் கவிழும். தண்டின் அடியை ஷூவின் உட்புறத்தோடு அணைத்து, காற்று வரும் திசைக்குச் சற்றே சாய்ந்து நின்றால் பாதி ஆட்டம் போய்விடும். சிக்மாவின் ஆட்டம் தணிக்கும் ஓஎஸ்ஸை 2-இல் வையுங்கள், அது பேனிங்குக்கானது. ட்ரைபாடில் முழுக்க இறுக்கினால் அணைத்துவிடுங்கள்.

பழைய ஃப்ளூயிட் ஹெட் தேடுபவர்கள் பெனின்சுலா பிளாசா கடைகளுக்குப் போகும்போது கேமராவையும் லென்ஸையும் தூக்கிக்கொண்டு போங்கள். மேலே சொன்ன 20 டிகிரி சோதனையைக் கடையிலேயே செய்யலாம். மிக மெதுவாகத் திருப்பும்போது ஓரிடத்தில் தட்டுப்பட்டாலோ, மூட்டோரம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பராஜில் கடல் உப்பு படிவதால் வீட்டுக்கு வந்ததும் கால்களின் பூட்டுகளை ஈரத்துணியால் துடைப்பதும் பழக்கமாக வேண்டும்.

அடுத்து, கிண்ணத்தில் உட்கார வைத்து உருட்டியே மட்டம் பிடிக்கும் 75 மி.மீ. அரைக்கோள அடித்தளம். இப்போதைய தட்டையான அடித்தளத்தில், சரிவான புல்லில் மட்டம் பிடிக்க ஒவ்வொரு காலாக நீட்டிக் குறைக்க வேண்டியிருக்கிறது, அதற்குள் ஹெலிகாப்டர் கடந்துவிடும். கிண்ணம் பொருந்தும் ட்ரைபாட் கால்கள் கனமானவை என்பதால், இருக்கும் கால்களிலேயே ஏறும் மட்டமாக்கும் அடித்தளத்தை முதலில் பார்க்கப்போகிறேன். அதிலும் கூடுதலாக ஒரு மூட்டு வருகிறது, ஆகவே அதே விலாவை வைத்துத் தட்டிப் பார்த்த பிறகே வாங்குவது.