ஒரு நாளைக்கு ஐந்து மரம்

சித்திரை மாதத்தில் எங்கள் பக்கம் ஆடு மேய்ப்பது என்பது ஆட்டை நடத்திக் கூட்டிக்கொண்டு போய், நடத்தியே கூட்டிக்கொண்டு வருவதுதான். கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் புஞ்சை. அறுவடை முடிந்த காட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் வெடிப்புதான் தெரியும். உடை மரத்து நெற்று உதிர்கிற வரை ஆட்டுக்கு மேய ஒன்றும் இருக்காது. வீட்டுக்கு வந்தால் சோளத்தட்டை. அதைத் தின்று வயிறு நிரம்பிய ஆடும் மெலிந்துகொண்டே போகும்.

என்னிடம் இருப்பவை கன்னி இனத்து ஆடுகள் பத்து. கோடையில் ஈன்ற ஆடுகளுக்கு மடியே இறங்காது. இரட்டைக் குட்டி போட்டால் ஒன்று நிற்காது. தட்டையை எவ்வளவு போட்டும் ஏன் தேறவில்லை என்று கால்நடை மருந்தக டாக்டரிடம் கேட்டேன். காய்ந்த சோளத்தட்டையில் புரதம் நூற்றுக்கு நான்கு பங்கு அளவில்தான் இருக்கும் என்றார். ஆட்டின் வயிற்றில் தட்டையைச் செரிக்க வைக்கிற நுண்ணுயிரிகள் பிழைக்கவே ஏழெட்டுப் பங்கு வேண்டுமாம். ஆக, ஆடு தின்ற தட்டைகூட முழுதாகச் செரிப்பதில்லை. புண்ணாக்கு வாங்கிக் கட்டுப்படியாகாது. வரப்பில் தீவனத்துக்குச் சவுண்டல் மரம் வை என்று அவர்தான் சொன்னார். சூபாபுல் என்று விதைக்கடையில் எழுதி வைத்திருப்பதும் இதைத்தான்.

எனக்கு வடக்கு வரப்பு நூற்றைம்பது மீட்டர் நீளம். அரை மீட்டருக்கு ஒன்று என்றால் முந்நூறு மரம். 2020 புரட்டாசியில் அரைக் கிலோ விதை வாங்கி வரப்பு நெடுக ஊன்றினேன். மழையும் நன்றாகவே பெய்தது. முளைத்தவை ஒரு முப்பதுகூட இருக்காது. பழைய விதையைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரை மனதுக்குள் வைதேன். தை மாதம் ஒரு குழியைக் கிளறிப் பார்த்தால், போட்ட விதை அப்படியே பளபளவென்று கிடக்கிறது. மூன்று மாத மழையில் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை.

சவுண்டல் விதையின் தோல் அப்படிப்பட்டது. வெந்நீரில் நனைத்தால்தான் இளகும். அடுத்த ஆண்டு ஆவணியில் செய்தது இது: தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, நாலைந்து நிமிடம் ஆறவிட்டேன். கொதி அடங்கி எண்பது டிகிரி அளவுக்கு வந்திருக்கும். அதில் விதையைப் போட்டு ஐந்து நிமிடம் கிண்டிவிட்டு, வெந்நீரை வடித்துக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊற வைத்தேன். கொதிக்கிற தண்ணீரிலேயே போட்டுவிட்டால் விதை வெந்து போகும். காலையில் பார்த்தால் வேலை பலித்ததா என்று கண்ணே சொல்லிவிடும்: தண்ணீர் குடித்த விதை உப்பி, தோல் மங்கிப்போய் இருக்கும், குடிக்காதது பழையபடி சின்னதாக மினுங்கிக்கொண்டிருக்கும். மினுங்கியவற்றைப் பொறுக்கி இன்னொரு தடவை வெந்நீரில் போட்டேன். வேலிமசால் என்கிற தீவனச் செடியின் விதைக்கும் இதே வைத்தியம்தான். அகத்திக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது.

இந்த முறை நேரே வரப்பில் ஊன்றவில்லை. சவுண்டல் வளர்ந்த பின் எதற்கும் அஞ்சாது. ஆனால் முதல் இரண்டு மூன்று மாதம் சவலைப் பிள்ளை மாதிரி நின்ற இடத்திலேயே நிற்கும். அதற்குள் களை மூடிவிடும், அல்லது முயல் கடித்துவிடும். அதனால் பாலிதீன் பையில் கன்று வளர்த்து, ஐப்பசியில் மழை இரண்டு உழவு ஆழம் இறங்கிய பிறகு நட்டேன். தண்ணீர் நிற்கிற தாழ்ந்த மூலையை மட்டும் விட்டுவிட்டேன். சவுண்டலுக்கு வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது. அந்த மூலையிலும் கிணற்று வாய்க்கால் ஓரத்திலும் அகத்தி போட்டேன். அதற்கு ஈரம் கொண்டாட்டம். விட்டுப்போன மூலைக்கு ஈடாக மேட்டுப் பக்கம் கொஞ்சம் நெருக்கி நட்டு முந்நூறை நிரப்பிவிட்டேன்.

கரிசலில் இன்னொரு வம்பு உண்டு. மாசி பிறந்தால் நிலம் வெடிக்கும், வெடிப்பு கன்றின் வேரையே இரண்டாகக் கிழித்துவிடும். காலையில் பச்சையாக நின்ற கன்று மறுநாள் தலை தொங்கும். அருகில் குனிந்து பார்த்தால் விரல் நுழைகிற வெடிப்பில் வெள்ளை வேர் அறுந்து நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கன்றையும் சுற்றி மண்ணைக் கொத்திப் பொடியாக்கி வெடிப்பை மூடி, மேலே கம்பந்தட்டையைப் பரப்பினேன். முள் வெட்டிப் போட்டு வேலியும் அடைத்தாயிற்று. இவ்வளவும் செய்த நான் அந்தக் கோடையில் செய்ததுதான் பெரிய மடத்தனம்.

2022 சித்திரையில் கன்றுகள் இடுப்புயரம் நின்றன. வீட்டில் ஈன்ற ஆடு மூன்று. கண்ணெதிரே பச்சையை வைத்துக்கொண்டு தட்டையைப் போட மனம் வரவில்லை. எண்பது கன்றை முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டேன். பத்து நாளில் எல்லாம் துளிர்த்தன. எனக்கோ பெருமை தாங்கவில்லை. வைகாசியில் அந்தத் துளிர்கள் ஒவ்வொன்றாகக் கருகின. ஐம்பதுக்கு மேல் போய்விட்டன. அடுத்து நின்ற, வெட்டாத கன்றுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேர் ஆழம் போவதற்குள் தலையை எடுத்துவிட்டால், மிச்சமிருந்த சத்தையெல்லாம் துளிரில் செலவழித்துவிட்டு மரம் ஓட்டாண்டியாகிவிடுகிறது. மானாவாரியில் இரண்டு ஆண்டு அரிவாளைக் காட்டவே கூடாது என்று வேளாண்மைக்காரர்கள் சொல்வதன் பொருள் அப்போதுதான் விளங்கியது. அடித்தண்டு மூன்று சென்டிமீட்டர் பருத்திருக்க வேண்டும், அல்லது ஒரு தடவை காய்த்து ஓய்ந்திருக்க வேண்டும். அதன் பிறகும் தரையிலிருந்து மூன்றடி விட்டுத்தான் வெட்ட வேண்டும்.

அகத்தியில் வேறு விதமாக அடிபட்டேன். சவுண்டலைப் போலவே நினைத்து நாலைந்து மரத்தைத் தாழ வெட்டினேன், ஒன்றுகூடத் துளிர்க்கவில்லை. வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை எப்படிக் கழிக்கிறார்கள் என்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பக்கக் கிளையைத்தான் ஒடிப்பார்கள், உச்சியில் குடை மாதிரிக் கொஞ்சம் விட்டுவைப்பார்கள். பார்த்தது கைக்கு வரவில்லை.

செத்த இடங்களில் அந்த ஐப்பசியிலேயே மறுபடி நட்டேன். மூத்த மரங்களை 2023 கார்த்திகையில்தான் முறையாக வெட்டத் தொடங்கினேன். பின்னால் நட்டவை அடுத்த ஆண்டுதான் அரிவாளைப் பார்த்தன.

முதல் வெட்டில் இருபது மரத்துக் குழையைத் தனித்தனியாகத் தராசில் போட்டேன். இலையும் பென்சில் கனத்துக்கு உட்பட்ட இளங்குச்சியும் சேர்த்து மரத்துக்குச் சராசரி முக்கால் கிலோ. மனம் கொஞ்சம் விழுந்துதான் போனது. பத்து ஆட்டுக்கும் இதிலேயே வயிறு நிரப்பலாம் என்று கனவு கண்டிருந்தேன். முந்நூறு மரத்துக்கு இருநூற்றிருபத்தைந்து கிலோ. ஆட்டுக்கு ஒரு கிலோ வீதம் பத்து ஆட்டுக்குப் போட்டால் இருபத்திரண்டு நாளில் முடிந்துவிடும். வெட்டிய மரம் மறுபடி தழைக்க இரண்டு மாதம் வேண்டும். எனவே கணக்கைத் திருப்பிப் போட்டேன். அறுபது நாளில் முந்நூறு மரம் என்றால் நாளைக்கு ஐந்து மரம், நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அது நாலு ஆட்டுக்கு: நிறைசினையும் பால் கொடுப்பதும் மட்டும். கிடாவும் மலடும் தட்டையைத் தின்று கொள்ளட்டும். காலையில் கிழக்குக் கோடியிலிருந்து ஐந்து மரம், மறுநாள் அடுத்த ஐந்து. மேற்குக் கோடியை எட்டும்போது கிழக்கே முதல் மரம் தயாராக நிற்கும்.

ஒரு கிலோ பச்சைக் குழை போதுமா என்று சந்தேகம் வரும். இருபத்தெட்டுக் கிலோ ஆடு ஒரு நாளைக்குக் காய்ந்த கணக்கில் ஏறக்குறைய ஒரு கிலோ தின்னும். அதில் எழுநூறு கிராம் தட்டை என்றால் புரதம் இருபத்தெட்டுக் கிராம்தான். ஒரு கிலோ பச்சைக் குழை காய்ந்தால் முந்நூறு கிராம். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம், அதாவது அறுபதுக்குக் குறையாது. இரண்டும் சேர்ந்தால் நூற்றுக்கு ஒன்பது பங்கை நெருங்குகிறது. பால் பெருக இன்னும் வேண்டும். ஈன்றதற்குக் கொஞ்சம் புண்ணாக்கும் வைக்கிறேன். ஆனால் தட்டை செரிக்கிறது. புழுக்கையைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

அதற்கு மேல் ஆசைப்பட்டும் பார்த்தேன். அந்த மார்கழியில் மழை பிந்தியும் பெய்து குழை மண்டிக் கிடந்தது. ஒரு தாயாட்டுக்கு மூன்று வாரம் ஏறத்தாழ சவுண்டலையே போட்டேன். ஒரு நாள் முதுகைத் தடவினால் மயிர் கொத்தாகக் கையோடு வருகிறது. சவுண்டலில் மைமோசின் என்றொரு நஞ்சு இருக்கிறது, கொழுந்தில் அதிகம் என்றார் டாக்டர். அதை உடைக்கிற நுண்ணுயிரி சில ஆடுகளின் வயிற்றில் இருக்கும். எந்த ஆட்டில் இல்லை என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. தீனியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே நிறுத்து என்றார். நிறுத்தியதும் மயிர் மறுபடி வளர்ந்தது. இப்போது நிறைசினை ஆட்டுக்குச் சவுண்டலைப் பாதியாக்கி, மீதிக்கு அகத்தியோ வேலிமசாலோ சேர்க்கிறேன். குழையைக் கீழே போடுவதில்லை; கட்டி, ஆட்டின் தலைக்குச் சற்று மேலே கயிற்றில் தொங்கவிடுகிறேன். மிதித்ததை ஆடு மூக்கால்கூடத் தொடாது.

வடக்குப் புஞ்சை அண்ணாச்சிக்கும் எனக்கும் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். "தம்பி, உன் மரத்து நிழல் முழுக்க என் உளுந்தில் விழுகிறது, பாரும்" என்றார். போய் நின்று பார்த்தால் உண்மைதான். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால் வரப்பு நிழல் வடக்கேதான் விழும். அதோடு என் மரத்து நெற்று வெடித்து அவர் காட்டில் நூற்றுக்கணக்கில் முளைத்தும் இருந்தது. அன்றிலிருந்து அவர் உளுந்து பூக்கிற நேரத்தில் அந்தப் பக்கத்து மரங்கள் மூன்றடிக்கு வெட்டுப்பட்டு நிற்கிற மாதிரி முறையை மாற்றிக்கொண்டேன். காயைப் பச்சையிலேயே அறுத்துவிடுகிறேன். இருந்தாலும் ஆண்டுக்கொரு நாள் அவர் காட்டில் போய் நாற்றுப் பிடுங்கிவிட்டுத்தான் வருகிறேன்.

கோடையில் வரப்பு எனக்குக் கால் பங்குதான் கொடுக்கிறது. அகத்தி அதுவும் இல்லை. அதனால் மார்கழியில் மிஞ்சுவதை இப்போது ஆட்டுக்குத் திணிப்பதில்லை. வெட்டிய கிளைகளைக் கொட்டகைத் தரையில் சாக்கு விரித்து நிழலில் பரப்பினால், இரண்டு நாளில் உதறும்போதே இலை பொலபொலவென்று கொட்டிவிடும். வெயிலில் போட்டால் நிறம் வெளுத்துத் தூளாகும். நூற்றிருபது கிலோ பச்சைக் குழை மூன்று சாக்கு இலையானது. ஆட்டுக்கு முந்நூறு கிராம் வீதம் தண்ணீர் தெளித்த தட்டையில் பிசறி வைத்தேன். சித்திரை முதல் தேதி பிரிக்கத் தொடங்கிய மூன்று சாக்கும் நாலு ஆட்டுக்கும் மாதம் முடிகிற வரை வந்தன. வைகாசிக்கு இன்னும் மூன்று சாக்கு வேண்டும். தெற்கு வரப்பு காலியாகத்தான் கிடக்கிறது. நிழல் என் காட்டில்தான் விழும், அண்ணாச்சிக்குப் பிரச்சினை இல்லை.