கன்னத்தில் வைத்த பிள்ளையார்

களிமண் பிள்ளையாரைத் தூக்கி அடிப்பாகத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். ஜில்லென்றிருந்தது.

வெளியே வெளுத்துவிட்டார். உள்ளே இன்னும் ஈரம்.

சதுர்த்திக்கு நாலே நாள். வெயிலில் வைக்கக் கை பரபரக்கிறது. வைத்தால் மேல்மண் முதலில் சுருங்கி, தும்பிக்கை ஒட்டிய இடத்தில் விரிசல் விடும். போன வருஷம் அப்படி ஆறு போனது. நிழல்தான் சரி.

இன்னும் இருபது கேட்டவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மிஞ்சினால்? அகல் சுட்ட மண், கார்த்திகை வரை காத்திருக்கும். பிள்ளையார் சுடாத மண். வர்ணம் பூசாமல் இருந்தால் தொட்டியில் ஊறி மறுபடி களிமண்ணாகிவிடும். அதனால்தான் ஆர்டர் உறுதியானதற்கு மட்டும் வர்ணம் தொடுகிறேன்.

ஆனால் தண்ணீரை ஊற்றியதும் உள்ளே போய்விடுவேன். தும்பிக்கை கரைவதை நின்று பார்க்க முடியாது.